சசாரிச் சிப்பாயும் கிராம்சியின் மேலாதிக்கமும்

கேள்வி: "ஆளும் வர்க்கம் போலீஸையும் ராணுவத்தையும் வைத்து ஆள்கிறது என்றால் புரிகிறது. ஆனால் பெரும்பாலான நாட்களில் யாரும் தடியைத் தூக்குவதே இல்லை, ஜனங்களும் அடங்கித்தான் போகிறார்கள். கிராம்சி சொல்கிற மேலாதிக்கம் என்பது மூளைச்சலவையா? அப்படியென்றால் ஏழைகள் எல்லாரும் ஏமாளிகளா?"

மூளைச்சலவை இல்லை, ஏமாளித்தனமும் இல்லை. இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவரான கிராம்சி சொன்ன மேலாதிக்கம், ஆளப்படுகிறவர்களின் இசைவையும் பெற்று ஆள்வது. அவரை மற்ற பலரிடமிருந்து பிரித்துக் காட்டுவதே அதுதான். பல ஆண்டுகளாக வாசிப்பு வட்டங்களில் அவரைப் படித்தும் விளக்கியும் வருகிறேன். பின்னாளில் முசோலினியின் சிறையில் அவர் எழுதிய குறிப்பேடுகளில் நேராக இறங்குபவர்கள் பெரும்பாலும் "குடிமைச் சமூகம்", "வரலாற்றுக் கூட்டு" என்ற கலைச்சொற்களில் சிக்கி நின்றுவிடுகிறார்கள். 1926 அக்டோபரில், கைதாவதற்குச் சில வாரங்களுக்கு முன், இத்தாலியின் தெற்குப் பிரச்சினையைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அதை முடிக்க அவருக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் அதில் வரும் ஒரு சின்ன உரையாடலிலேயே இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பின்னணி. இத்தாலி ஒரே நாடானது 1861இல்தான். வடக்கில் டூரின், மிலான், ஜெனோவா என்று தொழில் நகரங்கள் வளர்ந்தன. தெற்கும், சிசிலி, சார்டீனியா தீவுகளும் பெருநிலக்கிழார்களின் பிடியில் இருந்த விவசாயப் பகுதிகள். 1887இல் அரசு ஒரு கடுமையான இறக்குமதி வரியைக் கொண்டுவந்தது. வடக்கின் இரும்புக்கும் துணிக்கும் பாதுகாப்பு கிடைத்தது. கோதுமைக்கும் பாதுகாப்பு கிடைத்ததால் தெற்கின் நிலக்கிழார்களுக்கும் லாபம். மேலே இருந்த இரண்டு தரப்பும் இப்படிக் கைகோத்துக்கொண்டன. இதன் விளைவாகப் பிரான்சோடு வணிகப் போர் மூண்டது. தெற்கின் திராட்சை மதுவுக்கும் சார்டீனியாவின் கால்நடைகளுக்கும் இருந்த சந்தை சுருங்கியது. இரும்புக் கருவியும் துணியும் விலையேறியதால் நஷ்டப்பட்டவர் தெற்கின் விவசாயி. ரொட்டி விலையேறியதால் நஷ்டப்பட்டவர் வடக்கின் தொழிலாளி. எண்ணிக்கையில் இந்த இருவரும்தான் நாட்டில் பெரும்பான்மை. அப்படியிருந்தும் இருவரும் சேரவில்லை. கிராம்சியைக் குடைந்த கேள்வி இதுதான். அவரே சார்டீனியாவில் 1891இல் பிறந்து, உதவித்தொகை பெற்று 1911இல் டூரினுக்குப் படிக்க வந்தவர். இரண்டு பக்கமும் அவருக்கு நேரடியாகத் தெரியும்.

அந்தக் காலத்தில், குற்றவாளிகள் பிறவியிலேயே அப்படிப் பிறக்கிறார்கள் என்று சொன்ன லொம்ப்ரோசோவின் குற்றவியல் பள்ளியைச் சேர்ந்தவர்கள் ஒரு "விஞ்ஞானம்" பேசினார்கள். தெற்கத்தியர் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள், சோம்பேறிகள், குற்றவாளிகள். தெற்கு பின்தங்கியிருப்பதற்குக் காரணம் அவர்களுடைய இயல்பு, அரசோ முதலாளிகளோ அல்ல என்பது அதன் சாரம். இதைப் பரப்பியவர்கள் முதலாளிகளின் பத்திரிகைக்காரர்கள் மட்டும் அல்ல. அந்தப் பள்ளியின் முக்கியப் புள்ளிகளில் ஒருவரான என்ரிகோ ஃபெர்ரி, சோஷலிஸ்ட் கட்சியின் முன்னணித் தலைவர். வடக்கின் தொழிலாளிக்கு இந்தக் கருத்து தன் சொந்தக் கட்சியின் எழுத்தாளர்கள் வழியாகவே வந்து சேர்ந்தது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆளும் குழுவுக்கு உதவுகிற கருத்து ஆளும் குழுவின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. எதிர்ப்பவர்களின் பேச்சிலேயே அது குடியேறிவிட்டால்தான் மேலாதிக்கம் நன்றாக வேரூன்றியிருக்கிறது என்று பொருள்.

இனி அந்த உரையாடல். 1917 ஆகஸ்டில் ரொட்டித் தட்டுப்பாட்டால் டூரினில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ராணுவம் சுட்டு அடக்கியது, பல பத்து பேர் இறந்தார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் 1919இல் நகரம் மறுபடி கொதிக்க ஆரம்பித்தது. அப்போது சசாரிப் படைப்பிரிவை டூரினுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் சார்டீனிய விவசாயிகளும் மேய்ப்பர்களும். நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் பூவும் சுருட்டும் பழமும் கொடுத்து அவர்களை வரவேற்றதாக கிராம்சி எழுதுகிறார். சிப்பாய்கள் சதுக்கங்களில் முகாமடித்திருந்தார்கள். சசாரியைச் சேர்ந்த ஒரு தோல் பதனிடும் தொழிலாளி, கிராம்சியின் தோழர், அவர்களிடம் பேச்சுக் கொடுக்கப் போனார். சொந்த ஊர்க்காரர் என்பதால் ஓர் இளம் சிப்பாய் பிரியமாகவே பேசினான்.

"டூரினுக்கு எதுக்கு வந்தீங்க?" என்று இவர் கேட்கிறார். வேலைநிறுத்தம் செய்கிற கனவான்களைச் சுட வந்திருக்கிறோம் என்கிறான் சிப்பாய். வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் கனவான்கள் இல்லை, தொழிலாளிகள், ஏழைகள் என்று இவர் சொல்கிறார். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கே எல்லாருமே கனவான்கள்தான். காலர் வைத்த சட்டையும் டையும் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு 30 லிரா சம்பாதிக்கிறார்கள். ஏழை எப்படி உடுத்தியிருப்பான் என்று எனக்குத் தெரியும், சசாரியில் மண் வெட்டுகிற நாங்கள் எல்லாரும் ஏழைகள், எங்களுக்கு நாளைக்கு 1.50 லிரா என்கிறான். "நானும் தொழிலாளிதான், நானும் ஏழைதான்" என்கிறார் இவர். நீ ஏழை, ஏனென்றால் நீ சார்டீனியன் என்று பதில் வருகிறது. "நானும் மத்தவங்களோட சேர்ந்து வேலைநிறுத்தம் செஞ்சா என்னையும் சுடுவியா?" சிப்பாய் கொஞ்சம் யோசிக்கிறான். பிறகு இவர் தோளில் கை வைத்துச் சொல்கிறான்: "மத்தவங்களோட சேர்ந்து நீ வேலைநிறுத்தம் செய்யும்போது வீட்டிலேயே இருந்துடு!"

இந்தப் பையனை ஏமாளி என்று சொல்ல முடியுமா? தான் ஏழை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பணக்காரன் மீது கோபமும் இருக்கிறது, சுடவே தயாராக இருக்கிறான். கூலிக் கணக்கு அவன் விரல் நுனியில் இருக்கிறது. அவன் பார்த்த உலகத்தில் டை கட்டியவன் நிலக்கிழார், வக்கீல், வரி வசூலிக்க வந்தவன். அந்த அனுபவம் பொய்யில்லை. அதை டூரின் தொழிற்சாலைக்கு அப்படியே பொருத்தியதில்தான் பிழை. அவனுடைய வர்க்கக் கோபத்தை யாரும் அணைக்கவில்லை. அது திரும்பிய திசைதான் வேறு. அதிகாரிகள் அவனுக்குப் பாடம் நடத்தியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வடக்கத்தியன் எல்லாம் சுரண்டுபவன் என்ற எண்ணம் தீவில் ஏற்கெனவே இருந்தது. தெற்கத்தியன் எல்லாம் சோம்பேறி என்ற எண்ணம் டூரினில் ஏற்கெனவே இருந்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்திக்கொண்டபோது, தொழிற்சாலை முதலாளியும் நிலக்கிழாரும் யார் கண்ணிலும் படாமல் நடுவிலிருந்து மறைந்துபோனார்கள்.

இந்த மாதிரிச் சிந்தனையைத்தான் கிராம்சி பின்னாளில் குறிப்பேடுகளில் பொதுப்புத்தி என்றார். அது ஒரே தத்துவமாக இருக்காது. மதத்திலிருந்து ஒரு துண்டு, பாட்டி சொன்ன கதையிலிருந்து ஒரு துண்டு, பழைய விஞ்ஞானத்திலிருந்து ஒரு துண்டு, சொந்த அனுபவத்திலிருந்து ஒரு துண்டு என்று ஒட்டிக் கிடக்கும். அதற்குள்ளேயே நல்லறிவின் விதையும் இருக்கும் என்றார். சிப்பாயின் கடைசி வாக்கியத்தில் அது தெரிகிறது: தன்னைப் போன்ற ஒருவனைச் சுட அவனுக்கு மனம் வரவில்லை. "தன்னைப் போன்றவன்" யார் என்ற எல்லை மட்டும் தீவோடு நின்றுவிட்டது. மேலாதிக்கத்தின் வேலை பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டில்தான் நடக்கிறது.

கருத்து ஒன்று, பலம் வேறொன்று என்று பிரித்துப் பேசுகிறோமே, அந்தப் பிரிவு எவ்வளவு மெல்லியது என்பதும் இங்கே புலப்படுகிறது. துப்பாக்கி தானாகச் சுடாது. சிப்பாய் எதை நம்புகிறான் என்பதைப் பொறுத்துத்தான் அரசுக்குப் பலமே இருக்கிறது. டூரினில் சார்டீனியத் தொழிலாளர்கள் அந்தச் சிப்பாய்களிடம் தொடர்ந்து பேசினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். 1919 ஜூலை 20, 21 தேதிகளில் பொது வேலைநிறுத்தம் வரவிருந்தது. அதற்குச் சற்று முன் ஓர் இரவில் படைப்பிரிவு திடீரென்று நகரத்தை விட்டு அகற்றப்பட்டது. மூத்த சிப்பாய்கள் பணியிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மற்றவர்களை மூன்றாகப் பிரித்து அவோஸ்தாவுக்கும் த்ரியெஸ்தேவுக்கும் ரோமுக்கும் அனுப்பினார்கள் என்று கிராம்சி பதிவு செய்கிறார். வந்தபோது கிடைத்த பூவும் சுருட்டும் போகும்போது இல்லை. சுடச் சொன்னால் சுடுவார்களா என்ற சந்தேகம் வந்த பிறகு அந்தப் படையால் அரசுக்கு எந்தப் பயனும் இல்லை.

ஒரு கருத்து இப்படித் தலைமுறை தலைமுறையாக நிலைப்பது எப்படி? பத்திரிகை, பள்ளி, தேவாலயம் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். கிராம்சி இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். தெற்கின் கிராமத்தில் விவசாயியையும் நிலக்கிழாரையும் இணைத்தது ஒரு நடுத்தர அடுக்கு: பாதிரியார், பத்திரம் எழுதுகிற நோட்டரி, வக்கீல், ஆசிரியர், அரசு எழுத்தர். இவர்கள் பெரும்பாலும் சிறு, நடுத்தர நில உடைமைக் குடும்பத்துப் பிள்ளைகள். விவசாயிக்கு அரசாங்கத்தில் எந்தக் காரியம் ஆக வேண்டுமென்றாலும் இவர்களில் ஒருவரைப் பிடித்தாக வேண்டும். அவருக்கு இவர்கள் மேல் வெறுப்பும் உண்டு, மரியாதையும் உண்டு, பொறாமையும் உண்டு. திட்டிக்கொண்டே, தன் பிள்ளைகளில் ஒருவனாவது பாதிரியாராகிவிட மாட்டானா என்று ஆசைப்படுவார். ஒருவன் அப்படி ஆகிவிட்டால் குடும்பத்துக்கே கௌரவம், மேலிடத்துத் தொடர்பும் கிடைக்கும். இந்த ஆசையை மூளைச்சலவை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற நியாயமான விருப்பம் அது. ஆனால் முன்னேறுவதற்குக் கண்ணில் தெரிகிற ஒரே ஏணி நிலக்கிழாரின் வீட்டுச் சுவரில் சாத்தப்பட்டிருக்கிறது. ஏறுகிற ஒவ்வொருவரும் சுவரை இன்னும் கொஞ்சம் பலப்படுத்துகிறார்கள்.

இதோடு பலர் விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. மேலாதிக்கம் வெறும் பேச்சில் நிற்காது, அதற்குச் செலவு ஆகும். ஆளும் குழு தன் உடனடி லாபத்தில் ஒரு பகுதியையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். அடிப்படைக்கு ஆபத்து வராத அளவுக்குத்தான் அந்த விட்டுக்கொடுப்பு என்பதையும் கிராம்சி சேர்த்தே சொல்கிறார். ஜோலித்தி பல தடவை இத்தாலியின் பிரதமராக இருந்தவர். 1904 பொது வேலைநிறுத்தத்தின்போது ராணுவத்தை ஏவாமல், அது தானே தணியட்டும் என்று காத்திருந்தார். 1912இல் ஆண்களுக்கு ஏறத்தாழ முழுமையான வாக்குரிமையைக் கொண்டுவந்தார். வடக்கின் சங்கங்களுக்கும் கூட்டுறவுகளுக்கும் இடம் கொடுத்தார். ஆனால் அதே ஆட்சி தெற்கில் வேறு முகம் காட்டியது. அங்கே மாவட்ட அதிகாரிகளும் உள்ளூர் ரவுடிகளும் சேர்ந்து தேர்தலை நடத்தினார்கள், கூட்டம் கூடிய விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. ஒரே நாடு, ஒரே ஆட்சி, ஒரே ஆண்டு: ஒரு பகுதியில் இசைவு, மறு பகுதியில் பலம். ஆகவே "இந்த நாட்டில் நடப்பது மேலாதிக்கமா அடக்குமுறையா" என்று மொத்தமாகக் கேட்பதைவிட, யாரோடு பேரம் பேசப்படுகிறது, யார் மீது தடி விழுகிறது என்று கேட்பதுதான் பயன்தரும்.

அந்த ஏற்பாடு உடைந்ததையும் நம்மால் பார்க்க முடியும். 1920 செப்டம்பரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வடக்கின் தொழிற்சாலைகளைக் கைப்பற்றி உள்ளே அமர்ந்தார்கள். ராணுவத்தை அனுப்பச் சொல்லி முதலாளிகள் நெருக்கினார்கள். ஜோலித்தி மறுத்துவிட்டார். கூலி உயர்வு, தொழிற்சாலை நிர்வாகத்தில் தொழிலாளர் கண்காணிப்புக்கு ஒரு சட்டம் என்று வாக்குறுதி கொடுத்து, தொழிற்சங்கத் தலைமையோடு பேசி முடித்தார். ஆக்கிரமிப்பு கலைந்தது, அந்தச் சட்டம் நிறைவேறவே இல்லை. ஒரு துப்பாக்கி வேட்டுக்கும் தேவையில்லாமல் அரசு தப்பியதுபோல் தெரிந்தது. ஆனால் சொத்துடையவர்களின் நம்பிக்கை அந்த அரசின் மேல் இல்லாமல் போயிற்று. தொழிலாளர்களும் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். அடுத்த மாதங்களில் நிலக்கிழார்களின் பணத்தோடு ஃபாசிஸ்ட் கும்பல்கள் சங்க அலுவலகங்களையும் கூட்டுறவுகளையும் எரிக்கத் தொடங்கின. 1922 அக்டோபரில் முசோலினி பிரதமரானார். இசைவு கிழியும் இடத்தில் அதன் அடியில் எப்போதும் இருந்த பலம் வெளியே வருகிறது. இசைவையும் பலத்தையும் கிராம்சி ஒன்றோடு ஒன்று சேர்த்தே யோசித்தார். பலம் என்ற கவசம் பூண்ட மேலாதிக்கம் என்று ஒரு குறிப்பில் எழுதினார்.

இதுவரை சொன்னதை ஆதாரத்தோடு நிறுவ முடியும். இனிச் சொல்வதில் அறிஞர்களிடையே இன்னும் தீராத சண்டை இருக்கிறது. அடங்கிப்போகிறவர்கள் உள்ளுக்குள் எந்த அளவுக்கு இசைகிறார்கள்? 1970களின் இறுதியில் மலேசியாவின் ஒரு நெல் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த ஜேம்ஸ் ஸ்காட், ஏழைகள் பணக்காரர்கள் முன்னால் பணிவாகவும் பின்னால் கேலியும் வசையுமாகவும் பேசுவதைக் கண்டார். இவர்கள் அந்த ஒழுங்கை நியாயம் என்று ஏற்கவில்லை, மாற்ற முடியாது என்றுதான் நினைக்கிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கு இது வலுவான வாதமாகவே படுகிறது. ஆனால் "இது நியாயம்" என்பதற்கும் "இதை மாற்ற முடியாது" என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டாவதும் ஒரு கருத்துதான்; அதையும் யாரோ, ஏதோ உண்டாக்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு மறுப்பை எளிதில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. மார்க்ஸ் மூலதனம் முதல் தொகுதியில், பொருளாதார உறவுகளின் மௌனமான நிர்ப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார். நாளைக்கு வேலைக்குப் போகாவிட்டால் சாப்பாடு இல்லை. தொழிலாளி காலையில் வாசலில் வந்து நிற்க இந்த ஒரு காரணம் போதும். அவரை யாரும் அடிக்கவும் வேண்டாம், நம்ப வைக்கவும் வேண்டாம். பலம், இசைவு என்ற இரட்டையை வைத்து யோசிக்கிற கிராம்சியிடம் இந்த மூன்றாவது விஷயத்துக்குப் போதிய இடம் இல்லை என்பது என் கருத்து. ஆகவே ஒருவர் அடங்கிப் போவதைப் பார்த்தவுடன் "கருத்தியல் வேலை செய்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது. வேறு சம்பாத்தியம் கிடைத்தால் அவர் பேச்சு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பிழைப்புக்குப் பயம் நீங்கிய பிறகும் அதே விளக்கத்தை, அதுவும் தன்னைப் போன்றவர்களிடமே, சொல்கிறார் என்றால் அங்கே மேலாதிக்கத்தைத் தேடலாம். சசாரிச் சிப்பாய் தன் ஊர்க்காரரிடம், மேலதிகாரி பக்கத்தில் இல்லாதபோது பேசியது அப்படிப்பட்ட பேச்சு. அதனால்தான் அந்த உரையாடலை நல்ல சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

குறிப்பேடுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அவை 1929 முதல் தணிக்கைக்கு நடுவே, கிடைத்த புத்தகங்களை வைத்து, நோயோடு எழுதிய துண்டுகள். மேலாதிக்கம் எங்கே நடக்கிறது என்பதற்கு அவற்றில் ஒரே விடை இல்லை. சில இடங்களில் அது பள்ளி, பத்திரிகை, தேவாலயம் போன்றவை அடங்கிய குடிமைச் சமூகத்தின் வேலை, பலம் அரசின் வேலை. வேறு சில இடங்களில் அரசே இரண்டையும் உள்ளடக்கியது. பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பெரி ஆண்டர்சன் 1976இல் இந்த வழுக்கலை விரிவாகக் காட்டினார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் "கிராம்சியின்படி மேலாதிக்கம் என்றால் இதுதான்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்பவரிடம், எந்தக் குறிப்பின்படி என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எல்லா ஆட்சியையும் இந்தக் கருத்தால் விளக்கிவிடவும் முடியாது. இந்தியாவின் காலனி ஆட்சியைப் பற்றி எழுதிய வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா, அங்கே ஆதிக்கம் இருந்தது, மேலாதிக்கம் இல்லை என்று வாதிட்டார். இணங்க வைப்பதைவிட நிர்ப்பந்தமே அங்கே எடை கூடியது என்பது அவர் கணக்கு. ஓர் ஆட்சியை மேலாதிக்கம் என்று அழைப்பதற்கு முன், அது கீழே இருப்பவர்களுக்கு உண்மையில் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறதா, கீழிருந்து வரும் குறைகள் அந்த ஆட்சி வகுத்த சொற்களிலேயே பேசப்படுகின்றனவா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன்.